மூன்று சொல் வாசகத்தைத் தமிழுக்குக் கொண்டுவர எந்த வழி?

தேசிய அளவில் ஓடும் விளம்பரங்களில் பெரும்பாலானவை முதலில் இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் பிறக்கின்றன. படம் எடுத்து, எடிட் முடித்து, கிளையன்ட் தலையாட்டிய பிறகுதான் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்று வரிசையாக ஆள் தேடுவார்கள். முப்பது வினாடிப் படத்தின் வசனத்தை எப்படியாவது தேற்றிவிடலாம். கடைசி மூன்று வினாடி பாக்கெட்டோடு சேர்ந்து திரையில் நிற்கும் டேக்லைன்தான் ஆளைப் படுத்தும். மூன்று சொல், நான்கு சொல், அவ்வளவுதான் இருக்கும். ஆனால் ஹோர்டிங், பஸ்ஸின் பின்புறம், கடை வாசல் பலகை, ரேடியோ என்று அடுத்த சில வருடங்களுக்கு ஊரெல்லாம் அதுதான் நிற்கப்போகிறது.

அந்த வாசகத்தை என்ன செய்வது? மூல மொழியிலேயே விட்டுவிடலாம். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கலாம். இல்லையென்றால் சொற்களை விட்டுவிட்டு, அது செய்யும் வேலையைத் தமிழில் மறுபடி செய்து காட்டலாம். இந்தக் கடைசி வழியைத்தான் ஏஜென்சிகளில் டிரான்ஸ்கிரியேஷன் என்கிறார்கள். நான் மறுஆக்கம் என்று எழுதுகிறேன். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எதற்கெடுத்தாலும் மறுஆக்கமே சிறந்தது என்று சொல்வது வழக்கம். அதில் கொஞ்சம் கூலிக் கணக்கும் கலந்திருக்கிறது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. சில வாசகங்களை நேராகப் பெயர்த்தாலே போதும், கை வைத்தால்தான் கெடும்.

பற்பசை விளம்பரத்தில் வந்த 'உங்க டூத்பேஸ்ட்ல உப்பு இருக்கா?' நினைவிருக்கும். கோல்கேட்டுடையது. இந்தியில் இருந்த கேள்விதான் அப்படியே தமிழுக்கு வந்திருக்கிறது. சொல் மாறவில்லை, வரிசைகூடப் பெரிதாக மாறவில்லை. ஆனாலும் தமிழ்நாட்டில் அது பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரை கேலி வசனமாகப் பரவியது. காரணம் எளிது. வாசகம் முழுக்க ஒரு பொருளையும் ஒரு கேள்வியையும் நம்பி நிற்கிறது. உப்பு எல்லார் வீட்டிலும் இருக்கிறது, உப்பும் கரியும் வைத்துப் பல் தேய்த்த பாட்டியும் எல்லார் வீட்டிலும் இருந்தார். 'உப்புப் போட்டுத்தானே சாப்பிடுறே?' என்று ரோஷத்தைக் கிளப்பும் வழக்கு ஏற்கெனவே இருப்பதால், உப்பு இருக்கா என்று யாராவது கேட்டாலே தமிழ்க் காதில் லேசாகச் சுருக்கென்று படும். இது ஓசியில் கிடைத்த லாபம். இப்படிப்பட்ட இடத்தில் மறுஆக்கம் என்று ஒரு வாரம் உட்கார்ந்து யோசிப்பது வீண்.

நேராகப் பெயர்த்ததுபோலத் தோன்றினாலும் உள்ளே ஒரு சின்ன வெட்டு விழுந்திருக்கும் வாசகங்களும் உண்டு. சர்ஃப் எக்ஸலின் இந்தி வாசகம் 'தாக் அச்சே ஹைன்'. இலக்கணப்படி பெயர்த்தால் 'கறைகள் நல்லவை'. இதைப் பரீட்சைத் தாளில் எழுதலாம், சோப்புத்தூள் பாக்கெட்டில் போட முடியாது. தமிழில் வந்தது 'கறை நல்லது'. பன்மை போய்விட்டது. அஃறிணைப் பொருளைப் பொதுவாகப் பேசும்போது நாம் ஒருமையில்தான் பேசுவோம்: 'கீரை நல்லது', 'நடை நல்லது'. அந்த வரிசையில் கறையும் போய் உட்கார்ந்துகொண்டதால்தான் அது டாக்டர் சொல்வதுபோல ஒலிக்கிறது, அதிலிருந்துதான் சிரிப்பும் வருகிறது. பேச்சுத் தமிழிலும் எழுத்துத் தமிழிலும் வடிவம் மாறாமல் நிற்பது இன்னொரு வசதி. ஒரே ஒரு சிக்கல், நம்மில் பலர் வாயில் றகரமும் ரகரமும் ஒன்றுதான். படம் இல்லாமல் ரேடியோவில் கேட்டால் ஆற்றங்கரையா, வேட்டிக் கரையா என்று ஒரு நொடி இடறும். டிவியில் சட்டையில் சேறு தெரிவதால் அந்தப் பிரச்சினை எழவில்லை.

மூலத்தை அப்படியே விடுவதற்குப் பழைய உதாரணம் பூஸ்ட். கபில் தேவ் காலத்திலிருந்தே தமிழ் விளம்பரத்திலும் 'பூஸ்ட் இஸ் த சீக்ரெட் ஆஃப் மை எனர்ஜி' ஆங்கிலத்தில்தான் ஒலித்தது. அங்கே ஆங்கிலம் என்பதே செய்தியின் ஒரு பாதி. பையன் ஆங்கிலத்தில் ஒரு முழு வாக்கியம் பேசுகிறான், அம்மா பூரிக்கிறாள். 'என் ஆற்றலின் ரகசியம் பூஸ்ட்' என்று மாற்றியிருந்தால் பொருள் வந்திருக்கும், அந்தப் பூரிப்பு வந்திருக்காது. ஆனால் இந்த வழி எல்லாருக்கும் ஒத்துவராது. ஆங்கிலம் தரும் பெருமையைத் தவிர வாசகத்தில் வேறு ஒரு நுணுக்கமும் இருந்தால், அது கேட்பவருக்குப் போய்ச் சேராது. காப்பீடு, கடன், மருந்து மாதிரி வாங்குபவர் ஒவ்வொரு சொல்லையும் புரிந்துகொண்டாக வேண்டிய சரக்குக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆக, முடிவெடுக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். இந்த வாசகம் என்ன சொல்கிறது என்பதால் எடுபடுகிறதா, எப்படிச் சொல்கிறது என்பதால் எடுபடுகிறதா? சேதியால் எடுபட்டால் நேராகப் பெயர்க்கலாம். தொனி, ஓசை, ஒரு ஊர்ப் பழக்கம் இவற்றில் ஏதாவது ஒன்றால் எடுபட்டால் நேர்ப் பெயர்ப்பு பிணமாகத்தான் வந்து சேரும்.

குர்குரேயின் இந்தி வாசகத்தைப் பாருங்கள்: 'டேடா ஹை, பர் மேரா ஹை'. கோணலாக இருக்கிறது, ஆனால் என்னுடையது. சேதி என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. டேடா, மேரா என்ற ஓசை ஒற்றுமையும், இரண்டு தடவை வந்து விழும் 'ஹை'யும்தான் அதைத் தூக்கி நிறுத்துகின்றன. தமிழில் சிம்ரன் சொன்னது, 'கோணலா இருந்தாலும் என்னோடதாக்கும்!' முதல் பாதி கிட்டத்தட்ட நேர்ப் பெயர்ப்பு. ஓசை ஒற்றுமை போயே போய்விட்டது. அதற்கு ஈடாகக் கிடைத்தது வால்பகுதியில் ஒட்டிய 'ஆக்கும்'. மறுஆக்கம் மொத்தமும் அந்த ஒரு ஒட்டில்தான் நடந்திருக்கிறது. குழந்தை பொம்மையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, முகத்தைச் சற்றே தூக்கிச் சொல்லும் பெருமை அதில் இருக்கிறது. எவ்வளவு மாற்றினோம் என்பது கணக்கே இல்லை, எந்த இடத்தில் மாற்றினோம் என்பதுதான் கணக்கு.

இதே ஒட்டுக்கு எல்லையும் உண்டு. யாழ்ப்பாணப் பேச்சில் 'ஆக்கும்' பெரும்பாலும் ஊகத்துக்கு வரும். 'வந்திட்டினமாக்கும்' என்றால் வந்திருப்பார்கள் போல என்று பொருள். அங்கே 'என்னோடதாக்கும்' பெருமையை விட்டுவிட்டுச் சந்தேகமாக ஒலிக்க வாய்ப்புண்டு. மறுஆக்கம் கூர்மையாக ஆக ஆக அது பிடிக்கும் நிலப்பரப்பு சுருங்கும். சென்னைக்கு எழுதிய வாசகத்தை அப்படியே கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்ப நினைக்கும் கிளையன்ட்டுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கேட்பரியின் 'குச் மீட்டா ஹோ ஜாயே' பழக்கத்தில் வேர்விட்ட வாசகம். வடக்கே நல்ல சேதி வந்தால் வாயை இனிப்பாக்கிக்கொள்வது ஒரு சடங்கு. அந்தச் சடங்கைக் கிசுகிசுப்பாக நினைவூட்டும் தொடர் அது. 'கொஞ்சம் இனிப்பு ஆகட்டும்' என்று பெயர்த்தால் காபிக்குச் சர்க்கரை போடச் சொல்வதுபோல இருக்கும். நம் ஊரிலும் 'உன் வாயில சர்க்கரையைப் போடணும்' என்ற வழக்கு உண்டுதான், ஆனால் அது நல்வாக்குச் சொன்னவரைப் பாராட்டும் இடம். இடம் மாறுகிறது. தமிழில் 'ஸ்வீட் எடு, கொண்டாடு' என்று வந்தது. பிறந்தநாள் என்று ஆபீஸில் டப்பாவைத் திறந்து நீட்டுகிறவர் வேறு என்ன சொல்வார்? 'ஸ்வீட் எடுத்துக்கோங்க.' அந்தக் காட்சியிலிருந்து பிடுங்கிய வினை அது. 'இனிப்பு' என்று எழுதாததும் சரியான முடிவு. வாயில் வருவது ஸ்வீட்தான். இதெல்லாம் போக எடு, கொண்டாடு என்று அடி முடிவில் இயைபு விழுகிறது. இந்தியின் மென்மையான யோசனை தமிழில் கட்டளையாகிவிட்டது என்று குறை சொல்லலாம். எடு, கொண்டாடு என்ற ஒருமை ஏவல் நண்பர்களுக்குள் சொல்வதுபோல இருப்பதால் அது உறுத்தவில்லை.

மொழி எவ்வளவு பக்கத்திலிருந்து வந்தாலும் இந்தத் தொல்லை தீராது. கல்யாண் ஜுவல்லர்ஸின் மலையாள வாசகம் 'விஸ்வாசம், அதல்லே எல்லாம்'. மலையாளம் தெரியாத தமிழனுக்கும் புரிந்துவிட்டதுபோலத் தோன்றும். ஆனால் தமிழில் விசுவாசம் என்றால் எஜமான விசுவாசம், அதை விட்டால் தேவாலயத்தில் சொல்லும் விசுவாசம். நகைக்கடைக்காரரிடம் வாடிக்கையாளர் விசுவாசமாக இருக்க வேண்டும் என்றால் கதையே தலைகீழ். அதனால் 'நம்பிக்கை, அதானே எல்லாம்'. 'அதுதானே' என்று எழுத்து வடிவில் நீட்டாமல் 'அதானே' என்று விட்டார்கள். பிரபு அதைச் சொல்லும்போது பக்கத்து வீட்டு அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல இருந்ததற்கு அந்த ஓரெழுத்துக் குறைப்பும் ஒரு காரணம்.

இனி ஒரு வாசகத்தை எடுத்து வேலை செய்தே பார்க்கலாம். லோரியாலின் 'பிகாஸ் ஐ'ம் வொர்த் இட்'. 1970களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் மெக்கேன் ஏஜென்சியில் இருந்த இலான் ஸ்பெக்ட் என்ற இளம்பெண் எழுதியது. விற்க வேண்டிய சரக்கு, போட்டிக் கம்பெனியைவிட விலை கூடுதலான ஒரு ஹேர் கலர். விலை கூடுதல்தான், ஆனாலும் வாங்குகிறேன், ஏனென்றால் எனக்கு அது தகும் என்று பெண்ணே தன் வாயால் சொல்கிறாள். பிற்பாடு அது 'நீங்கள்' என்று முன்னிலைக்கு மாறியது. தமிழ்நாட்டில் ஒரு ஹேர் கலருக்கு இதே வேலையைச் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

சொல்லுக்குச் சொல் போனால் 'ஏனென்றால் நான் அதற்குத் தகுதியானவள்'. வேலைக்கு விண்ணப்பம் போடுவதுபோல இருக்கிறது. 'ஏனென்றால்' என்று தமிழில் யாரும் பேச்சைத் தொடங்குவதில்லை. காரணத்தைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் மூச்சு விடுவோம். 'தகுதி' என்றதும் தாசில்தார் அலுவலகமும் மதிப்பெண் பட்டியலும் கண் முன்னே வரும். இது இங்கேயே விழுந்தது.

மறுஆக்கத்துக்கு முதலில், வாசகம் செய்யும் வேலையைச் சாதாரணத் தமிழில் ஒரு வரியாக எழுதிக்கொள்வது என் பழக்கம். 'என் பணம், என் தலைமுடி, விலையைப் பார்த்து நான் ஏன் தயங்கணும்?' இந்த மனநிலையில் ஒரு தமிழ்ப்பெண் இயல்பாகச் சொல்லும் சொல் எது? எனக்கு முதலில் வருவது 'எனக்கென்ன குறைச்சல்?' இது பளிச்சென்று இருக்கிறது. பெருமையும் சவாலும் கலந்து, இரண்டே சொல். ஆனால் கவனம் வேண்டிய சரக்கு. 'எனக்கு' என்று இருக்கும்வரைதான் இது தன்மானம். பிற்பாடு யாராவது மூலத்தைப் பார்த்து முன்னிலைக்கு மாற்றச் சொல்லி, 'உங்களுக்கென்ன குறைச்சல்' என்று ஆக்கினால், அது பொறாமைப் பேச்சாகவோ ஆறுதல் பேச்சாகவோ இறங்கிவிடும். தவிர, 'என் பொண்ணுக்கு என்ன குறைச்சல்?' என்று சம்பந்தம் முறிந்த இடத்தில் கேட்ட ஞாபகம் பலருக்கு இருக்கும். நரையை மறைக்கும் சரக்கோடு அந்த ஞாபகம் சேர்வது நல்லதல்ல.

இரண்டாவது, 'எனக்கு இது தகும்'. மூலத்தின் பொருளுக்கு மிக அருகில் இருப்பது இதுதான், கம்பீரமாகவும் இருக்கிறது. பிரச்சினை என்னவென்றால் 'தகும்' இன்று பேச்சில் உயிரோடு இருப்பது திட்டும்போதுதான்: 'இது உனக்குத் தகுமா?' அச்சில் அழகாக நிற்கும், குரலில் வந்தால் நாடக மேடை வாசனை அடிக்கும். இருபது வயதுப் பெண் இதைச் சொல்வதைக் கற்பனை செய்ய முடியவில்லை.

மூன்றாவது, 'எனக்குன்னு வாங்கினேன்'. இதில் 'வொர்த்' என்ற கருத்தே இல்லை. முதலில் பார்க்கும் பிராண்ட் மேனேஜர் இதை அடித்துவிடுவார். ஆனால் வீட்டுக்கு, பிள்ளைகளுக்கு, அப்புறம் மிச்சம் இருந்தால் தனக்கு என்று வாங்கிப் பழகிய வீடுகளில், 'எனக்குன்னு' என்ற சொல்லே மீறல். மூலத்தில் இருந்த 'நான் ஏன் தயங்கணும்' என்பதை இது வேறு கதவு வழியாகக் கொண்டுவருகிறது. யாரும் புண்படவும் மாட்டார்கள். நான் எழுதினால் இதைத்தான் முன்னால் வைப்பேன், 'எனக்கென்ன குறைச்சல்' என்பதை இரண்டாவதாக வைப்பேன். 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மட்டுமான, நரையோடு சம்பந்தமில்லாத பொருள் என்றால் வரிசையை மாற்றிவிடுவேன்.

இப்படி இரண்டு மூன்று வாசகம் கொடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் பேக் டிரான்ஸ்லேஷன் கேட்பார்கள். ஒப்புதல் தருகிறவர்களுக்குத் தமிழ் தெரியாது, வேறு வழியில்லை. ஆனால் நல்ல மறுஆக்கத்தைக் கொல்வதும் பெரும்பாலும் அந்தத் தாள்தான். 'எனக்கென்ன குறைச்சல்' ஆங்கிலத்துக்குத் திரும்பிப் போகும்போது 'என்னிடம் என்ன குறை இருக்கிறது?' என்று ஒரு நோயாளியின் கேள்வியாகப் போய் நிற்கும். 'எனக்கு இது தகும்' மட்டும் மூலத்தோடு அச்சாகப் பொருந்தும், அதையே தேர்ந்தெடுத்துவிடுவார்கள். அதனால் நேர்ப் பொருளுக்குக் கீழே இரண்டு வரி விளக்கம் கட்டாயம்: இதை யார், எந்த மனநிலையில், யாரிடம் சொல்வார், எந்த இடத்தில் பொருள் திரும்பும். அந்த விளக்கத்தை எழுத வாசகத்தை எழுதியதைவிட அதிக நேரம் ஆகும் என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.

செலவுக் கணக்கும் இங்கேதான் வருகிறது. மொழிபெயர்ப்புக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி. மூன்று சொல் வாசகத்துக்கு அப்படிக் கணக்குப் போட்டால் ஒரு டீ செலவுக்குக் காணாது. மறுஆக்கத்துக்கு மணிக்கணக்கிலோ மொத்தமாகவோ பேசுவார்கள், நாள்கணக்கில் நேரமும் கேட்பார்கள். ஒரு வாரம் ஓடி மறையும் தள்ளுபடி விளம்பரத்துக்கு இது தேவையே இல்லை. 'வாங்கினால் ஒன்று இலவசம்' என்பதை யார் எழுதினாலும் சரி. பாக்கெட்டில் அச்சாகி வருடக்கணக்கில் நிற்கப்போகும் வாசகத்தில்தான் இந்தச் செலவு நியாயமாகிறது.

வாசகத்தைச் சோதிக்கும்போது 'நல்லா இருக்கா?' என்று கேட்காதீர்கள். எல்லாரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். ஆபீஸுக்கு வெளியே இருக்கும் சிலரிடம், பிராண்ட் பெயர் சொல்லாமல், வாசகத்தை ஒரு தடவை சொல்லிவிட்டு, 'இதை யார் யார்கிட்ட சொல்ற மாதிரி இருக்கு?' என்று கேளுங்கள். 'மாமியார் மருமகள்கிட்ட' என்று பதில் வந்தால் தொனி எங்கேயோ கோணிவிட்டது என்று அர்த்தம். மதுரையில் ஒருவர், கோவையில் ஒருவர், சென்னையில் ஒருவர் ஒரே மாதிரி சொன்னால் தைரியமாகப் போகலாம். அடுத்த நாள் அவர்களையே கூப்பிட்டு, நேற்று சொன்ன வாசகம் என்ன என்று கேட்டால், எந்தச் சொல் நிற்கிறது, எது உதிர்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

மறுஆக்கத்தில் ஆபத்து ஒன்று உண்டு, அதை வேறு இரண்டு வழிகளிலும் இந்த அளவுக்குப் பார்க்க முடியாது. மூலத்தில் அளந்து வைத்த சொல் தமிழின் ஓட்டத்தில் வீங்கிவிடும். ஆங்கிலத்தில் 'பொடுகைக் குறைக்க உதவும்' என்று வக்கீல் பார்த்து ஒப்புதல் தந்த வரி, தமிழில் ஓசைக்காகப் 'பொடுகு போயே போச்சு' என்று ஆகும். கேட்க இனிமை, ஆனால் குறையும் என்பது இப்போது ஒழியும் என்ற வாக்குறுதியாகிவிட்டது. விளம்பரங்களுக்கான சுயகட்டுப்பாட்டு அமைப்பான ஏஎஸ்சிஐயிடம் புகார் போனால், மூல ஆங்கிலத்துக்கு வைத்திருந்த ஆய்வு ஆதாரம் தமிழ் வாக்குறுதிக்குச் செல்லாது. கீழே பொடி எழுத்தில் டிஸ்கிளைமர் போட்டுச் சமாளிக்கலாம் என்றால், தவறாகப் புரியவைக்கும் வாக்குறுதியைத் திருத்த டிஸ்கிளைமரைப் பயன்படுத்தக் கூடாது என்பது அவர்கள் விதி. டிஸ்கிளைமரும் வாக்குறுதி இருக்கும் அதே மொழியில் இருக்க வேண்டும். ஆகவே பயன்பாடு பற்றி வாக்குறுதி தரும் வாசகமாக இருந்தால் மறுஆக்கத்தை மறந்துவிட்டு, அளவுச் சொல் சிதறாமல் நேராகப் பெயர்ப்பதே நல்லது. உணர்வை மட்டும் பேசும் வாசகத்தில் கையை அவிழ்த்து விடலாம்.

எந்த வழியில் போனாலும் கடைசியாக ஒரு தடவை அச்சுக்குப் போகும் ஆர்ட்வொர்க்கை நீங்களே பாருங்கள். தமிழ் தெரியாத டிசைனர், தமிழுக்கு ஏற்றபடி செட்டிங் மாற்றாத மென்பொருளில் வாசகத்தை ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறும். 'கொண்டாடு' என்பதில் ஒற்றைக் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். வரி மடக்கும்போதும் 'என்னோட' ஒரு வரியிலும் 'தாக்கும்' அடுத்த வரியிலுமாக வெட்டிவிடுவார்கள், அப்போது இரண்டாவது வரி யாரையோ அடிக்கப்போவதுபோல இருக்கும். எங்கே மடக்கலாம், எங்கே கூடாது என்று வாசகத்தோடு சேர்த்தே எழுதி அனுப்புங்கள்; பிடிஎஃப்பும் கூடவே போகட்டும்.